பாக்கி கேட்காதீர்கள், கணக்கு கேளுங்கள்!

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. பில்லும் போய்விட்டது. பணம் வருகிறது. ஆனால் முழுப் பணம் வரவில்லை! ஆயிரமோ பத்தாயிரமோ குறைகிறது. ஏன் குறைகிறது? ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேதனை. சிலர் கோபப்பட்டுப் போன் செய்து சண்டை போடுகிறார்கள். சிலர், "கஷ்டத்தில் இருக்கிறோம், பார்த்துக் கொடுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றுமே தவறு என்பது என் கருத்து. சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் போகும். கெஞ்சினால், நம் பணத்தை அவர் தயவாகக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். இந்த மாதம் பேசாமல் விட்ட பிடித்தம், அடுத்த மாதம் வழக்கம் ஆகிவிடும்.

பிறகு என்னதான் சொல்லுவது? "பாக்கியைக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "கணக்கைக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்று அல்ல. ஒரு உதாரணத்தால் பார்ப்போம்.

வேங்கிக்கால் பட்டறை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், வேலூர் சாலைப் பக்கம், ஒருவர் இரும்பு அலமாரிப் பட்டறை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு 40 அலமாரிகள் செய்து அனுப்பினார். ஒன்றின் விலை ரூ.2,500. மொத்தம் ரூ.1,00,000. அதற்கு ஜி.எஸ்.டி. வரி 100-க்கு 18 வீதம் ரூ.18,000. ஆக, பில் தொகை ரூ.1,18,000.

மார்ச் 3-ந் தேதி சரக்கு போய்ச் சேர்ந்தது. கம்பெனியார் "40 எண்ணம் பெற்றுக்கொண்டோம்" என்று சீல் போட்டுக் கொடுத்தார்கள். 30 நாளில் பணம் என்று பேச்சு. ஏப்ரல் 10-ந் தேதி பாங்கிக் கணக்கில் பணம் ஏறியது. வந்தது ரூ.1,04,560. குறைந்தது ரூ.13,440.

பட்டறைக்காரருக்குத் தலை சுற்றியது. "பதிமூணாயிரத்தைச் சாப்பிட்டுட்டாங்களே!" என்று கத்தினார். கணக்கு நோட்டு எழுதுவது அவர் மனைவி. அந்த அம்மாள் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, சும்மா பிடிக்கிறவங்க பதிமூணாயிரம்னு பிடிப்பாங்க. அது என்ன நானூத்து நாற்பது?"

நல்ல கேள்வி! குறைந்த தொகையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அது ஒரு அலமாரியின் விலையோடு பொருந்தினால், சரக்கைக் கழித்திருக்கிறார்கள். முழு ஆயிரமாக இருந்தால் லாரி வாடகையாகவோ அபராதமாகவோ இருக்கும். பில்லில் 100-க்கு 1, 100-க்கு 2 என்று கணக்குப் போட்டால் வருகிற தொகையானால், வரியாகவோ தள்ளுபடியாகவோ இருக்கும். ஒட்டாத உதிரித் தொகையானால், பல பிடித்தங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். சில சமயம் பழைய பில் ஒன்றின் தகராறு இந்தப் பில்லில் வந்து ஒட்டியிருக்கும்.

ஆகவே, போனை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுங்கள்.

முதலில் யாரிடம் பேசுவது?

முதலாளியிடம் அல்ல! கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் பேசுங்கள். பணம் அனுப்பும்போது "பேமெண்ட் அட்வைஸ்" என்று ஒரு தாள் தயார் செய்வார்கள். எந்தப் பில்லுக்கு எவ்வளவு, எதில் எவ்வளவு பிடித்தம் என்று அதில் இருக்கும். பல கம்பெனிகளில் அது தயாராகிறது. ஆனால் நமக்கு வந்து சேருவதில்லை.

"சார், ஏப்ரல் 10-ந் தேதி பணம் வந்தது. அதற்குரிய பேமெண்ட் அட்வைஸை அனுப்புங்கள்" என்று கேட்டால் போதும். இதில் குற்றம் சாட்டும் வார்த்தை எதுவும் இல்லை. கணக்கரும் முகம் சுளிக்க மாட்டார்.

இரண்டு நாளில் வரவில்லையா? அப்போது எழுத வேண்டும். எழுத்தில் இல்லாத பேச்சு, பிறகு எங்கேயும் நிற்காது.

இதோ அந்தக் கடிதம்

தபாலிலோ மின்னஞ்சலிலோ இப்படி எழுதலாம்:

"ஐயா, எங்கள் பில் எண் 27, தேதி மார்ச் 3, தொகை ரூ.1,18,000. ஏப்ரல் 10-ந் தேதி தங்களிடமிருந்து ரூ.1,04,560 வந்து சேர்ந்தது. நன்றி. இதை மேற்படி பில்லில் ஒரு பகுதியாக வரவு வைத்திருக்கிறோம். இன்னும் வர வேண்டியது ரூ.13,440.

"இந்தத் தொகை எந்தெந்தக் காரணத்துக்காகப் பிடிக்கப்பட்டது என்பதைத் தனித்தனியாக எழுதித் தெரிவிக்க வேண்டுகிறோம். சரக்கில் குறை என்றால் எத்தனை, என்ன குறை, படம். வாடகை என்றால் லாரி ரசீது. வரி என்றால் எந்த வரி, எந்தத் தேதியில் கட்டியது. தள்ளுபடி என்றால் ஆர்டரில் எந்த நிபந்தனை.

"விவரம் கிடைத்ததும், நாங்கள் ஏற்க வேண்டியதை ஏற்று அதற்குக் கிரெடிட் நோட் அனுப்புகிறோம். மீதித் தொகையைத் தாங்கள் அனுப்ப வேண்டுகிறோம். விவரம் வரும் வரையில் எந்தப் பிடித்தத்தையும் நாங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஏப்ரல் 20-ந் தேதிக்குள் பதில் வேண்டும்."

அவ்வளவுதான்! இதில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்கிறது.

"ஒரு பகுதியாக வரவு வைத்திருக்கிறோம்" என்பதுதான் உயிர் நாடி. வர வேண்டியதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, "இது போதும், கணக்குத் தீர்ந்தது" என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அது செல்லும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 63-வது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. ஆகவே நாம் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வவுச்சரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அந்த வரியை அடித்துவிட்டு, "பில் எண் 27-ல் ஒரு பகுதி" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

"ஏற்க வேண்டியதை ஏற்று" என்ற வார்த்தையைச் சிலர் பலவீனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எதிராளி பதில் எழுதுவதே அந்த வார்த்தைக்காகத்தான். "13,440-ம் வந்தாக வேண்டும்" என்று நிற்பவருக்குப் பதில் எழுத யாருக்கும் மனம் வராது. தவிர, அப்படி நிற்பது சில சமயம் நியாயமாகவும் இராது. அதை இப்போது பார்ப்போம்.

பதில் வந்தது

கம்பெனியிலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. இரண்டு அலமாரி சேதம், வரியோடு ரூ.5,900. லாரி வாடகை ரூ.4,000. ரொக்கத் தள்ளுபடி 100-க்கு 2 வீதம் ரூ.2,360. வருமான வரிப் பிடித்தம் ரூ.1,180. கூட்டிப் பார்த்தால் சரியாக ரூ.13,440.

இனிமேல் பிடித்தம் ஒன்று அல்ல, நான்கு. ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டிய பதில் வேறு.

லாரி வாடகையை எடுத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் ஆர்டர் தாளைத் தேடி எடுத்தார். "சென்னை கிடங்கில் ஒப்படைப்பு" என்று போட்டிருந்தது. அப்படியானால் வாடகை பட்டறைக்காரர் பொறுப்பு! ஆனால் லாரி புக்கிங் ஆபீசில் அவசரத்தில் "டு பே" என்று எழுதிவிட்டார்கள். அதாவது, வாடகையைச் சரக்கை எடுப்பவர் கொடுக்க வேண்டும். கம்பெனியார் கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். லாரி ரசீதும் அனுப்பிவிட்டார்கள். இது நியாயமான பிடித்தம். மறு பேச்சுப் பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேதம் என்ற இரண்டு அலமாரிக்குப் படம் கேட்டார். ஒன்றில் பற்றவைத்த இடம் விட்டிருந்தது. அது பட்டறையின் தவறு. மற்றதில் வெறும் கீறல். ஆணி போட்டு எதையோ மாட்டிய அடையாளமும் இருந்தது! உபயோகித்த அலமாரியைக் கழிக்க முடியாது. ஒன்றுக்கு ரூ.2,950 ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட் கொடுத்தார். மற்றதை மறுத்து எழுதினார்.

கிரெடிட் நோட் என்ற தாள் ஏன் அவசியம் என்று கேட்கலாம். பட்டறைக்காரர் ரூ.18,000 வரியை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார். அலமாரியின் விலை குறைந்தால் அதற்குரிய வரியும் குறைய வேண்டும் அல்லவா? அதைக் குறைப்பது விற்றவர் கொடுக்கும் கிரெடிட் நோட்தான். வாங்கியவர் பேசாமல் பிடித்துக்கொண்டால், வராத பணத்துக்கு நாம் வரி கட்டியவர்கள் ஆகிறோம்.

இதில் வாங்கியவருக்கும் ஒரு கண்டம் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவர் பில் பணத்தைக் கொடுக்காவிட்டால், கொடுக்காத பகுதிக்கு அவர் எடுத்துக்கொண்ட வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டியும் உண்டு. கம்பெனிக் கணக்கருக்கு இது நன்றாகத் தெரியும். மரியாதையாக ஒரு வரியில் ஞாபகப்படுத்தினால் போதும்.

ரொக்கத் தள்ளுபடிக்கு வருவோம். 10 நாளில் பணம் கொடுத்தால் 100-க்கு 2 தள்ளுபடி என்று பட்டறைக்காரரின் விலைத்தாளில் இருந்தது உண்மை. ஆனால் பணம் வந்தது எத்தனையாவது நாள்? 38-வது நாள்! சீக்கிரம் கொடுப்பதற்கு உரிய பரிசைத் தாமதமாகக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். "சரக்கு சேர்ந்தது மார்ச் 3. பணம் வந்தது ஏப்ரல் 10. தள்ளுபடிக்குக் கெடு மார்ச் 13" என்று மூன்று தேதியை மட்டும் எழுதினால் போதும். வாதமே தேவை இல்லை.

கடைசியில் வருமான வரிப் பிடித்தம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "வரி" என்றதும் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். சொந்த இரும்பை வாங்கி அலமாரி செய்து விற்பது, விற்பனை. கூலி வேலைக்குப் பிடிக்கும் ஒப்பந்த வரி இதற்குக் கிடையாது. வாங்கியவரே இரும்பைக் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தால் அது வேறு. சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி பிடிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அதுவும் ஒரே ஆளிடம் ஒரு வருஷத்தில் ரூ.50 லட்சத்துக்கு மேல் வாங்கினால்தான். நம் அலமாரிக்காரர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

தவிர, ரூ.1,180 என்பது ஜி.எஸ்.டி.யையும் சேர்த்த தொகைக்குப் போட்ட கணக்கு. பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அப்படியே பிடித்தாலும் ரூ.1,000-தான் வரும். யாரோ கவனம் இல்லாமல் செய்த வேலை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இருந்தாலும் இதற்காகச் சண்டை வேண்டாம். அவர்கள் அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார்கள் என்றால், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் வரவு ஏறும். ஏப்ரலில் பிடித்தது ஆகஸ்டு வாக்கில் உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரிய வேண்டும். ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள். ஏறியிருந்தால் வருஷ முடிவில் கழித்துக்கொள்ளலாம். அதிகமானால் திரும்பவும் வாங்கலாம். ஏறவில்லையா? அப்போது அது வரிப் பிடித்தம் அல்ல; வெறும் பிடித்தம். அதைத் திருப்பிக் கேளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒப்புக்கொண்டது ரூ.6,950. வரிக் கணக்கில் வர வேண்டியது ரூ.1,180. கம்பெனி திருப்பி அனுப்ப வேண்டியது ரூ.5,310. "பதிமூணாயிரத்தைச் சாப்பிட்டுட்டாங்க" என்று முதல் நாளே சண்டை போட்டிருந்தால், பாதிக்கு மேல் நம்முடைய பிசகு என்பது சபையில் வெளிப்பட்டிருக்கும்!

அரசாங்க ஆபீசுக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டக் கலெக்டர் அலுவலகம் இருப்பதே வேங்கிக்காலில்தான். ஆகவே இந்தப் பக்கம் பலருக்கு இது உபயோகப்படும். ரூ.2½ லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால், வரி நீங்கலான தொகையில் 100-க்கு 2 வீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம் செய்வார்கள். இது 2018 அக்டோபர் 1 முதல் இருக்கிற முறை. அந்தப் பணம் தொலைந்து போவதில்லை. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் கணக்குக்கு வரும். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகக் குறிக்க வேண்டும். குறித்தால்தான் ரொக்க இருப்பில் சேரும். இது தெரியாமல், "ஆபீசில் கமிஷன் பிடித்துவிட்டார்கள்" என்று டீக்கடையில் பேசுகிறவர்களும் உண்டு.

பதிலே வராவிட்டால்?

காரணம் சொல்லாமல் பிடிப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. இந்த வட்டாரத்தில் மல்லாட்டை மூட்டையை மண்டிக்குக் கொண்டுபோன தாத்தாக்களுக்கு அது தெரியும். மகமை, தரகு, கழிவு, மாதிரி என்று எத்தனை பெயர்! விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்த 1933-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் செய்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு அப்படி ஒரு சட்டம் 2006-ல் வந்தது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று பெயர்.

அந்தச் சட்டப்படி, சரக்கில் ஆட்சேபம் இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு சேர்ந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. நம் அலமாரிக்கு மார்ச் 18-ந் தேதியோடு அந்தக் கெடு முடிந்தது. பணம் கொடுக்க எவ்வளவு தவணை பேசிக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால், ரிசர்வ் பாங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. மாதா மாதம் வட்டிக்கு வட்டி! வங்கி விகிதம் 6 என்றால் வட்டி வருஷத்துக்கு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டும் கொடுக்காதவர்மீது சிறு தொழில் வசதி மன்றத்தில் மனுக் கொடுக்கலாம். அரசாங்க இணையதளத்தின் வழியாகவே கொடுக்கலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 100-க்கு 75 பங்கை முன்னதாகக் கட்ட வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு உண்மை வழக்கைச் சொல்லுகிறேன். கேரள அரசு பஸ் கழகத்துக்கு, டயர் புதுப்பிக்கும் ரப்பரை சில்பி இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் கொடுத்து வந்தது. சரக்கு வந்ததும் 100-க்கு 90. மீதி 10, ரப்பர் எப்படி உழைத்தது என்ற அறிக்கை வந்த பிறகு. அந்த 10 வரவில்லை. தகராறு மன்றத்துக்குப் போய், கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது.

2021 ஜூன் 29-ந் தேதி தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். மன்றத்துக்கு நாம் போனால், வாங்கியவரும் அங்கேயே தன் எதிர்க் கோரிக்கையைக் கொடுக்கலாம். "உன் சரக்கால் எனக்கு நஷ்டம்" என்று அவரும் கணக்கு நீட்டலாம். ஆகவேதான் ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, சுத்தமான கணக்கோடு போக வேண்டும் என்கிறேன். இரண்டாவது, காலக் கெடு சட்டம் இங்கேயும் உண்டு. பொதுவாக 3 வருஷம். அதைத் தாண்டினால் நடுவர் தீர்ப்பின் மூலம் பாக்கியைக் கேட்கும் வழி அடைபட்டுப் போகும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். சரக்குக் கொடுத்த பிறகு சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டால், பழைய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் சலுகை வராது. இந்தக் கருத்தை மறுபடி ஆராயும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். முடிவு எப்படி ஆனாலும் நமக்கென்ன? ஆர்டர் எடுப்பதற்கு முன்பே "உத்யம்" பதிவைச் செய்துவிட்டால் இந்த வழக்கே நம்மைத் தொடாது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் பில்லின் தலையில் அச்சடித்துவிடுங்கள். பில்லைப் பார்க்கிற கணக்கருக்கு அதுவே ஒரு செய்தி.

வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தச் சட்டத்தின் வட்டியும் மன்றமும் இல்லை. உத்யம் பதிவு அவர்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் அது பாங்கிக் கடனுக்கு மட்டுந்தான். அவர்களுக்குக் கடிதமும் சிவில் கோர்ட்டுந்தான் வழி.

இன்னொரு தவறான வழியையும் சிலர் கைக்கொள்ளுகிறார்கள். போன பில்லில் பிடித்ததை, அடுத்த பில்லில் விலையை ஏற்றி ஓசைப்படாமல் சேர்த்துவிடுகிறார்கள். இது ஆபத்து! ஆர்டரில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால், பொய்க் கணக்கு எழுதியவர் நாம் ஆகிவிடுகிறோம். போன பில்லின் பாக்கி போன பில்லின் பெயரிலேயே இருக்கட்டும். நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் போட்டு, கடிதம் எழுதிய தேதி, பதில் வந்த தேதி, ஒப்புக்கொண்ட தொகை, வர வேண்டிய தொகை என்று எழுதி வாருங்கள். நம் அலமாரிக்காரர் வீட்டு நோட்டில் பில் எண் 27-க்கு எதிரே இப்போது நிற்பது ரூ.5,310. அதற்குப் பக்கத்தில், ஆகஸ்டில் பார்க்க வேண்டிய ரூ.1,180.